கூற்றும் காரணமும்: ஆறு செதுக்கும் நிலத்தோற்றங்கள்

மேல்நிலை வகுப்புப் புவியியல் தேர்வில் கூற்று–காரணம் வகை வினா இரண்டு செய்திகளைத் தருகிறது. முதலாவது கூற்று, அடுத்தது அதற்கான காரணம் என்று சொல்லப்படுவது. விடைகள் நான்கு:

அ) இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது.
ஆ) இரண்டும் சரி; ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை.
இ) கூற்று சரி, காரணம் தவறு.
ஈ) கூற்று தவறு, காரணம் சரி.

பின்னிரண்டையும் பாடம் படித்தவர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார். மதிப்பெண் போவது பெரும்பாலும் அ, ஆ இரண்டுக்கும் இடையில்தான். கீழுள்ள வினாக்கள் ஆறும் நிலத்தடி நீரும் உண்டாக்கும் நிலத்தோற்றங்களைப் பற்றியவை.

வினா 1
கூற்று: நர்மதை, தபதி ஆறுகள் கடலில் சேருமிடத்தில் பெரிய டெல்டாக்கள் இல்லை.
காரணம்: இவ்விரு ஆறுகளும் மேற்கு நோக்கிப் பாய்கின்றன.

இரண்டும் உண்மை. கிழக்கே பாயும் கோதாவரி, கிருஷ்ணா, காவிரி மூன்றும் டெல்டா அமைத்திருப்பதால், ‘மேற்கே பாய்ந்தால் டெல்டா இல்லை’ என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. அந்தப் பதிவே அ என்ற தவறான விடைக்கு இழுத்துச் செல்கிறது. சொன்ன காரணம் பொருந்தியும் விளைவு மாறிவிடும் ஓர் இடம் உண்டா என்று தேடுவதே சரியான சோதனை. உண்டு: சிந்து நதியும் அரபிக்கடலில்தான் கலக்கிறது, கராச்சிக்குத் தென்கிழக்கே அதற்குப் பரந்த டெல்டா இருக்கிறது. ஆகவே திசை காரணமாகாது. விடை ஆ.

உண்மைக் காரணம் ஆற்றுக்கும் கடலுக்கும் இடையிலான இழுபறியில் இருக்கிறது. ஆறு கொண்டுவரும் வண்டல், கடல் வாரிச் செல்வதைவிட மிகுதியாக இருந்தால் டெல்டா வளரும். நர்மதை 1,312 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் பெரும்பகுதி விந்திய, சாத்பூரா மலைகளுக்கு இடையே, பிளவுப் பள்ளத்தாக்கு வழியே செல்கிறது. அகலமான சமவெளியில் பல கிளைகளாகப் பிரிந்து பரவ அதற்கு இடம் குறைவு. அது சேரும் காம்பே வளைகுடாவோ புனல் போல உள்ளே செல்லச் செல்லக் குறுகுவது. அங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் சில இடங்களில் 10 மீட்டரையும் தாண்டுகிறது. நாளுக்கு இருமுறை புகுந்து வெளியேறும் அந்த நீர் முகத்துவாரத்தை அலசிவிடுகிறது. அதனால் உருவானது ஓதப் பொங்குமுகம். ‘நர்மதை வண்டலே கொண்டுவருவதில்லை’ என்று காரணம் தரப்பட்டால் அதுவும் தவறு. பரூச்சுக்குக் கீழே, ஆற்றின் வாயிலேயே ஆலியாபேட் என்ற வண்டல் தீவு கிடக்கிறது.

வினா 2
கூற்று: ஆற்று வளைவின் வெளிக்கரை அரிக்கப்படுகிறது, உட்கரையில் மணல் படிகிறது.
காரணம்: வளைவில் நீரின் வேகம் வெளிக்கரையை ஒட்டி அதிகமாகவும் உட்கரையில் குறைவாகவும் இருக்கிறது.

விடை அ. வேகமான நீர் அரிக்கிறது. வேகம் தணிந்த நீர் சுமையை இறக்கிவிடுகிறது. வேக வேறுபாட்டை நீக்கிப் பார்த்தால் கூற்றும் நிற்காது என்பதால் இது உண்மையான விளக்கம். இதே கூற்றுக்கு ‘ஆற்று வளைவுகள் சமவெளிகளில் மிகுதியாகக் காணப்படுகின்றன’ என்று காரணம் தந்தால் விடை ஆ ஆகிவிடும். வளைவுகள் எங்கே இருக்கின்றன என்று அது சொல்கிறதே தவிர, ஒரு கரை ஏன் அரிகிறது என்று சொல்லவில்லை. அரிப்பு தொடர்ந்தால் வளைவின் கழுத்து குறுகி, ஒரு வெள்ளத்தில் ஆறு நேர்வழி பிடித்துவிடும்; விடுபட்ட வளைவு குருட்டு ஆறாக நிற்கும். பீகாரின் பேகுசராய் மாவட்டத்திலுள்ள கபர்தால் ஏரி அப்படி உருவானதே.

வினா 3
கூற்று: ஆற்றின் மேல்நிலையில் ‘வி’ வடிவப் பள்ளத்தாக்குகள் உருவாகின்றன.
காரணம்: அங்கே பக்கவாட்டு அரிப்பே மேலோங்கியிருக்கிறது.

விடை இ. செங்குத்தான சரிவில் ஆறு முதலில் தன் அடித்தளத்தையே அறுக்கிறது. பக்கச் சுவர்கள் சாய்வாக விரிவது சிதைவாலும் மண் சரிவாலும். பக்கவாட்டு அரிப்பு மேலோங்குவது சரிவு குறைந்த பின்னரே.

வினா 4
கூற்று: சுண்ணாம்புக் குகையின் தரையிலிருந்து மேல்நோக்கி வளர்வது கல்விழுது.
காரணம்: சொட்டும் நீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்போது கால்சியம் கார்பனேட் படிகிறது.

காரணம் சரி. ஆனால் கல்விழுது கூரையிலிருந்து தொங்குவது. தரையிலிருந்து எழுவது கல்முளை. விடை ஈ. ஆந்திரத்தின் போரா குகைகளில் இரண்டையும் பார்க்கலாம். காரணத்தின் வேதியியல் சரியாக இருப்பதைப் பார்த்து, கூற்றை மேலோட்டமாகப் படித்துவிடுவதே இங்கே வழக்கமான தவறு. இன்னொன்றையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும்: நான்காம் விடை எல்லா வினாத்தாள்களிலும் ஒன்றாக இருப்பதில்லை, சிலவற்றில் அந்த இடத்தில் ‘இரண்டும் தவறு’ என்றிருக்கும். விடைகளின் வரிசையை ஒருமுறை படித்துவிட்டே வினாவுக்குள் போகவும்.