"சரக்கு போட்டாச்சு" என்றால் போதுமா?

முகப்பேர், பாடி, அம்பத்தூர் வட்டாரத்திலிருந்து வெளியூர்க் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகள் நம்மில் பலர் உண்டு. ஆர்டர் வந்ததும் சரக்கை எடுத்துக் கட்டுகிறோம், பில் போடுகிறோம், லாரி செட்டில் சேர்க்கிறோம். அதன்பின் வாடிக்கையாளருக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி போகிறது: "சரக்கு போட்டாச்சு." அத்துடன் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். கேட்ட சரக்கு முழுவதும் போனதா, எத்தனை பண்டல், எந்த லாரி, வாடகை யார் பொறுப்பு என்று அந்த வரியிலிருந்து அவருக்கு எதுவுமே தெரியாது.

முன்பெல்லாம் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியவில்லை. லாரி ரசீதையும் பில்லையும் தபாலிலோ பாங்கி மூலமோ அனுப்புவோம். ரசீதைக் காட்டினால்தான் செட்டில் சரக்கைக் கொடுப்பார்கள். ஆகவே பண்டல் கணக்கு எழுதிய காகிதம் சரக்கை எடுக்கப் போகிறவர் கையில் கட்டாயம் இருக்கும். இன்று பல இடங்களில் கடைப் பெயரையும் போன் நம்பரையும் சொன்னாலே சரக்கு கைக்கு வந்துவிடுகிறது. காகிதம் செய்த வேலையை நாம் அனுப்பும் தகவல்தான் செய்தாக வேண்டும்.

நமக்குத் தெரிந்த ஒரு கடைக்காரருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். அவருக்கு வந்த தகவல் "போட்டாச்சு" என்பது மட்டும்தான். செட்டுக்குப் போன கடைப் பையன் அங்கே இருந்த மூன்று பண்டலை ஏற்றிக்கொண்டு, முழுச் சரக்கும் பெற்றதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். மாலையில் பில்லோடு சரிபார்த்தபோதுதான் நான்காவது பண்டல் வரவில்லை என்று தெரிந்தது. அனுப்பியவர் நான்கு பண்டல் பதிவான ரசீதைக் காட்டினார். லாரி செட்டில் பையனின் கையெழுத்தைக் காட்டினார்கள். நஷ்டம் கடைக்காரர் தலையில் விழுந்தது. "4 பண்டல்" என்று காலையிலேயே தெரிந்திருந்தால், ரசீதில் "ஒன்று குறைவு" என்று எழுதிவிட்டுத்தான் பையன் கையெழுத்துப் போட்டிருப்பான்.

சட்டமும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நிற்கிறது. வாங்குபவரின் சம்மதத்தின்பேரில் சரக்கை லாரிக்காரரிடம் ஒப்படைத்தால், வேறு ஏற்பாடு இல்லாதவரை, அதை வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகவே 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் கொள்கிறது. தன் கண்ணால் பார்க்காத சரக்குக்கு அந்த நேரத்திலிருந்தே அவர் பொறுப்பாளியாகக்கூடும். என்ன ஒப்படைத்தோம் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டிய காரணம் இதுதான்.

ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்வோம்

திருவண்ணாமலையில் உள்ள ஒரு எலெக்ட்ரிகல் கடைக்காரர் போனில் ஆர்டர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் சிவப்பு 10 சுருள், கருப்பு 10 சுருள், பச்சை 5 சுருள். 9 வாட் எல்.இ.டி. பல்பு 100, 6 ஆம்பியர் சுவிட்ச் 10 பெட்டி. நம் கிடங்கில் கருப்பு ஒயர் 6 சுருள்தான் இருக்கிறது. மற்றவை முழுமையாக உள்ளன. நான்கு பண்டலாகக் கட்டி லாரி செட்டில் போட்டாயிற்று. அவருக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"வணக்கம் அண்ணே. திங்கட்கிழமை நீங்கள் சொன்ன ஆர்டர் இன்று மாலை 5 மணிக்கு லாரி செட்டில் பதிவாகிவிட்டது. ரசீது எண் 2283, மொத்தம் 4 பண்டல், வாடகை டு-பே.
பண்டல் 1: சிவப்பு ஒயர் 10 சுருள். பண்டல் 2: கருப்பு 6, பச்சை 5. பண்டல் 3: பல்பு 100. பண்டல் 4: சுவிட்ச் 10 பெட்டி (200).
கருப்பு ஒயர் 4 சுருள் இருப்பு இல்லை. அனுப்பவில்லை, பில்லிலும் போடவில்லை. வேண்டுமானால் அடுத்த லோடில் சேர்க்கிறோம், சொல்லுங்கள்.
பில் எண் 417, ரூ.54,260. பில்லும் ரசீதும் படமாக இத்துடன் உள்ளன."

படிக்க அரை நிமிடம் ஆகாது. ஆனால் கேட்டது, செய்தது, பாக்கி நிற்பது ஆகிய மூன்றும் இதில் தனித்தனியாகத் தெரிகின்றன. "எந்த ஆர்டர்" என்பது முதல் வரியிலேயே இருப்பதைக் கவனியுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு ஆர்டர் கொடுத்தவருக்கு அது இல்லாவிட்டால் குழப்பம்தான்.

பண்டல்வாரியாக எழுதுவதற்கும் காரணம் உண்டு. பண்டல் மேல் 1/4, 2/4 என்று மையால் எழுதியிருந்தால், மூன்றாவது வரவில்லை என்றதுமே விடுபட்டது பல்பு என்று பிரிக்காமலே சொல்லிவிடலாம். லாரி செட்டில் தேடச் சொல்லவும் அது உதவும்.

குறைந்ததை எப்படிச் சொல்வது?

பல கடைகளில் தயங்குகிற இடம் இதுதான். இருப்பு இல்லை என்று சொன்னால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவாரோ என்று பயந்து, பில்லைப் பார்த்து அவரே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அவரோ கருப்பு ஒயர் 10 வருகிறது என்ற நம்பிக்கையில் தன் ஊர் எலெக்ட்ரீஷியனுக்கு வாக்குக் கொடுத்திருப்பார். இன்று மாலையே தெரிந்தால் நாளைக் காலை உள்ளூரில் நான்கு சுருள் வாங்கிச் சமாளிப்பார். மூன்றாம் நாள் தெரிந்தால் அவருடைய வாடிக்கையாளரிடம் அவர் பேச்சுக் கெட்டுப்போகும்.

குறைவைச் சொல்லும்போது இரண்டு விஷயம் சேர்ந்து வர வேண்டும். ஒன்று, அதற்குப் பில் போட்டிருக்கிறோமா இல்லையா. மற்றொன்று, பாக்கியை அனுப்புவது அவர் சொன்ன பிறகா, நாமாகவேயா. இதைச் சொல்லாமல் விட்டால் அவர் உள்ளூரில் வாங்கியிருப்பார். நம் நான்கு சுருளும் போய் இறங்கும். திரும்பி வரும் வாடகைக்கு யார் பொறுப்பு என்ற பேச்சு வரும். கருப்புக்குப் பதிலாக நீலம் வைப்பதானால், அதைச் சரக்கு கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். வேலை முடிந்த தகவலில் சொல்லக்கூடிய விஷயம் அல்ல அது.

எப்போது எழுதுவது?

ரசீது கைக்கு வந்த பிறகுதான். ஆட்டோவில் ஏற்றியவுடன் "அனுப்பியாச்சு" என்று தட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. செட்டில் அன்று இடமில்லை என்று இரண்டு பண்டலைத் திருப்பிவிட்டால் அந்தத் தகவல் பொய்யாகிவிடும். அதேபோல் "நாளைக் காலை வந்துவிடும்" என்றும் எழுதக் கூடாது. லாரி புறப்படும் நேரம் நம் கையில் இல்லை. பதிவு செய்தது நாம் செய்த வேலை. அதை உறுதியாக எழுதலாம். போய்ச் சேருவது அவர்கள் வேலை. செட்டின் போன் நம்பரைக் கொடுத்து விசாரிக்கச் சொல்லலாம்.

அனுப்பிய தகவலை உடனே அழித்துவிடவும் வேண்டாம். சரக்கு காணாமல் போனாலோ சேதமானாலோ லாரிக்காரர் மீது வழக்குப் போடுவதற்கு, சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். பதிவு செய்த தேதி, ரசீது எண், பண்டல் கணக்கு மூன்றும் அன்று தேவைப்படும். தேதியோடு எழுதிய நம் தகவல் இரு தரப்புக்கும் அங்கே துணை நிற்கும்.

வாங்கும் பக்கம் இருக்கும் சில்லறை வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. "போட்டாச்சு" என்று மட்டும் தகவல் வந்தால் "எத்தனை பண்டல், என்ன குறைவு?" என்று உடனே திருப்பிக் கேளுங்கள். பதில் வந்ததும் அதைச் செட்டுக்குப் போகும் பையனின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். பண்டலை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடப் போகிறவன் அவன்தான்.