நேவியும் கறுப்பும் ஒன்றான இரவு

சில வருடங்களுக்கு முன்பு, திருப்பூரில் ஒரு கட்டிங் யூனிட் வாசல். இரவு பத்து மணி தாண்டிவிட்டது. டையிங்கிலிருந்து வந்த டெம்போவிலிருந்து துணி ரோல்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆர்டருக்குக் கறுப்பு, இன்னொன்றுக்கு நேவி. வழியில் மழை பிடித்ததில் நாலைந்து ரோல்களின் லாட் சீட்டு நனைந்து எழுத்தே தெரியவில்லை. தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்த சூப்பர்வைசர், "எல்லாம் கறுப்புதானுங்க, ஒரே அடுக்கா அடுக்கிருங்க" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கும் கறுப்பாகத்தான் தெரிந்தது. மறுநாள் காலை டேபிளில் துணியை விரித்தபோது கறுப்பு லேயர்களுக்கு நடுவே நேவி பளிச்சென்று தெரிந்தது. நல்லவேளை, கத்தி இறங்கவில்லை.

சூப்பர்வைசருக்குக் கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. அந்த வெளிச்சத்தில் நேவியைக் கறுப்பிலிருந்து பிரிக்கத் தேவையான சரக்கே மிகக் குறைவு.

சமையலறையில் பார்த்திருப்பீர்கள். உப்புப் போட்ட தண்ணீர் பொங்கி வழிந்து கேஸ் அடுப்பில் பட்டதும், நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகும். அந்த மஞ்சள் உப்பில் இருக்கும் சோடியத்தினுடையது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறத்தாழ 400 நானோமீட்டர் ஊதாவில் தொடங்கி 700 நானோமீட்டர் சிவப்பு வரை பரவியிருக்கிறது. சூடான சோடியம் அணுவோ அதில் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் ஒளியை உமிழ்கிறது: 589.0, 589.6 என்று ஒட்டியிருக்கும் இரண்டு கோடுகள். தெருவிளக்கிலும் இதே வேலைதான், அடுப்புக்குப் பதில் மின்சாரம்.

துணிக்கென்று சொந்த ஒளி கிடையாது. விழுந்த ஒளியில் சிலவற்றை விழுங்கி, மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. பகலில் நேவி கறுப்பிலிருந்து வேறுபட்டுத் தெரிவதற்குக் காரணம், 450 நானோமீட்டர் பக்கத்து நீலத்தை அது கொஞ்சமாவது திருப்பி அனுப்புவதுதான். 589-இல் இரண்டுமே விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாகத்தான் திருப்பும். பாட்டில் கிரீனும் கிட்டத்தட்ட அதே கதி. மறுபுறம் வெள்ளையும் எலுமிச்சை மஞ்சளும் 589-இல் வந்ததில் பெரும்பங்கைத் திருப்பிவிடுவதால் இரண்டும் ஒன்றாகிவிடும். வான நீலம் நடுவில் விழும். நம்மூரில் தினமும் ஓடும் கிரே மெலாஞ்சும் அதே நடுவில்தான் விழுகிறது. பகலில் யாரும் குழப்பிக்கொள்ளாத இந்த ஜோடி, இரவில் ஒரே சாம்பலாகிவிடும்.

சிவப்பு மட்டும் ஒரு வினோதம். பெரும்பாலான சிவப்புச் சாயங்கள் ஒளியை விழுங்குவதை நிறுத்தித் திருப்பி அனுப்பத் தொடங்கும் இடமே 590-ஐ ஒட்டித்தான். அதாவது சோடியக் கோடு சிவப்பின் மேட்டு விளிம்பில் வந்து நிற்கிறது. ஆரஞ்சுச் சாயல் உள்ள சிவப்பு வெளிச்சமாகவும், நீலச் சாயல் உள்ள மெரூன் இருண்டும் தெரியும். நிறம் மறைந்துபோன வெளிச்சத்தில் இந்த இரண்டு சிவப்புகளுக்கு இடையிலான இடைவெளி மட்டும் பெரிதாகிறது.

வெள்ளை பனியனுக்கு வேறொரு நஷ்டம். வெள்ளையைத் தூக்கலாக்க டையிங்கில் சேர்க்கும் ஒயிட்னர், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கிக்கொண்டு நீல ஒளியாக வெளியிடும் சரக்கு. சோடியம் விளக்கில் அதற்குத் தேவையான புற ஊதா இல்லை என்றே சொல்லலாம். அதனால் பளீர் வெள்ளையும், அரை பிளீச் போட்ட கிரீம் துணியும் பக்கத்தில் வைத்தாலும் ஒன்றுதான். ஒயிட்னருக்குக் கொடுத்த காசு அந்த வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

கண்ணின் கணக்கு இது. நிறம் பார்க்க நம்மிடம் மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு. அவை தரும் மூன்று எண்களின் விகிதம்தான் நிறம். 589-இல் நீலத்துக்கான செல்கள் கிட்டத்தட்ட அசையவே மாட்டா. மற்ற இரண்டும் ஒரு விகிதத்தில் பதில் சொல்லும். அந்த விகிதத்தைத் தீர்மானிப்பது விளக்குதான், துணி அல்ல. எந்தத் துணியை நீட்டினாலும் அதே விகிதம், கூடக் குறைய வெளிச்சம் மட்டும். மூன்று எண்கள் ஒன்றாகிவிடுகின்றன, நிறப் படம் மஞ்சள் தாளில் அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படமாகிவிடுகிறது.

மஞ்சளாகத் தெரிவதா, சாம்பலாகவா என்பது பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சாலை முழுக்க சோடியம் விளக்கென்றால் மூளை அந்த மஞ்சளுக்குப் பழகி, அதையே வெள்ளை மாதிரி எடுத்துக்கொள்ளும். அப்போது வெள்ளைக் கார் வெளிறியும், நீலக் கார் அழுக்குச் சாம்பலாகவும் தெரியும். ரயில் நிலைய வாசலில் வெள்ளை, கிரீம், சில்வர் மூன்றையும் வரிசையாக நிறுத்தினால் சாவியின் பட்டனை அழுத்தித்தான் நம் வண்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பேக்கரியின் வெள்ளை எல்இடி பக்கத்தில் எரிந்தால் போதும், அதே சாலை மறுபடியும் மஞ்சளாகிவிடும்.

இதுவரை சொன்னது கறாரான கணக்கு. ஆனால் நம் தெருக்களில் இருந்தவை அத்தனை கறாரானவை அல்ல. குறைந்த அழுத்த சோடியம் விளக்கு ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் 1930களிலிருந்து எரிந்தது, அதில்தான் நிறம் முழுதாகச் சாகும். நம் ஊரில் பரவலாக இருந்தது உயர் அழுத்த வகை. அதில் ஆவி நெருக்கமாக இருப்பதால் கோடு இருபுறமும் அகன்று, கொஞ்சம் பச்சையும் சிவப்பும் சேர்ந்துகொள்கின்றன. நடுவிலிருக்கும் 589-ஐயோ குழாயின் ஓரத்தில் குளிர்ந்திருக்கும் சோடியமே விழுங்கிவிடும், நிறமாலையில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கு வெயிலுக்கு 100 மதிப்பெண் என்றால், இதற்கு ஏறத்தாழ 25. சிவப்பு, செங்கல் நிறமாகவாவது தெரியும். நீலம்தான் தேறாது.

இந்த இரண்டு நிலைகளையும் ஒரே விளக்கில் பார்க்க முடியும். 2012-இல் தினமும் பல மணி நேரம் கரண்ட் போன நாட்களில் நான் மொட்டை மாடியில் நின்று இதைப் பார்த்திருக்கிறேன். கரண்ட் ஒரு நொடி போய் வந்தால் விளக்கு உடனே எரியாது. சூடான குழாய் ஆறி, அழுத்தம் இறங்க வேண்டும். பிறகு முதலில் மங்கலான வெளிர் ஒளி, அது உள்ளே அடைத்திருக்கும் செனானும் பாதரசமும். அடுத்துக் கொஞ்ச நேரம் வெறும் மஞ்சள். ஆவி இன்னும் அடரவில்லை, 589 மட்டும்தான் ஆட்சி. எதிர் வீட்டுக் கொடியில் காயும் துணிகள் எல்லாம் அப்போது சாம்பல். சில நிமிடங்களில் மஞ்சள் பொன்னிறமாக முதிரும்போது ஒரு சிவப்புத் துண்டு மட்டும் மெல்லச் சிவக்கும்.

திருப்பூரில் ஷேடு பார்ப்பவர்கள் விளக்கை நம்பி ஏமாந்தவர்கள், அதனால்தான் லேப்பில் லைட் பாக்ஸ் வைத்திருக்கிறார்கள். பகல் வெளிச்சத்துக்கு டி65, ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கு டி.எல்.84, வீட்டுக் குண்டு பல்புக்கு ஒன்று, ஒயிட்னர் பார்க்கப் புற ஊதா. டி65-இல் பொருந்திய பாடியும் ரிப்பும் டி.எல்.84-இல் பிரிந்துபோவது அவர்களுக்கு அன்றாடத் தலைவலி. இரண்டு சாயக் கலவைகள் வேறாக இருப்பதால் வரும் வினை அது. சோடியம் விளக்கு அந்தப் பெட்டிக்குள் இல்லை. இருந்திருந்தால் எல்லா லாட்டும் பாஸ் ஆகியிருக்கும்.

2015 ஜனவரியில் தேசியத் தெருவிளக்குத் திட்டம் தொடங்கிய பிறகு மஞ்சள் விளக்குகள் ஊர் ஊராக எல்இடிக்கு இடம் விட்டுக்கொண்டிருக்கின்றன. எங்கள் சூப்பர்வைசர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அந்தக் காலைக்குப் பிறகு சீட்டு இல்லாத ரோல் வந்தால் போனில் டார்ச்சைப் போட்டுத் துணிமேல் வைப்பார். அந்தக் குட்டி எல்இடிக்குள் 450 நானோமீட்டர் நீலம் தாராளமாக இருக்கிறது. டார்ச் வட்டத்துக்குள் நேவி, வட்டத்துக்கு வெளியே அதே துணி கறுப்பு.