பழைய பதிவு திரும்பி வரும்போது

2015 டிசம்பர் முதல் வாரம். அடையாற்று வெள்ளம் சென்னைக்குள் புகுந்தபோது, உதவி கேட்டவர்களும் உதவ முன்வந்தவர்களும் ஒருவரையொருவர் தேடிய இடங்களில் ஃபேஸ்புக்கும் ஒன்று. படகு வேண்டும், பால் பவுடர் வேண்டும், அப்பாவை மூன்று நாளாகத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று பதிவுகள் வந்து குவிந்தன. அதே ஆண்டு மார்ச்சில்தான் ஃபேஸ்புக் 'இதே நாளில்' என்ற வசதியைத் தொடங்கியிருந்தது. 2018இல் அது 'மெமரீஸ்' என்று பெயர் மாறியது. நீங்கள் முன்பு எழுதியதை ஆண்டுதோறும் அதே தேதியில் எடுத்து உங்கள் முன் வைப்பதுதான் அதன் வேலை. ஆகவே அந்த வெள்ளப் பதிவுகளும் ஒவ்வொரு டிசம்பரிலும் எழுதியவர்களிடம் திரும்பி வருகின்றன.

அப்படி வருவது உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். நீங்களாகப் பகிர்ந்தால்தான் மற்றவர்கள் பார்ப்பார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு பதிவைக் கற்பனை செய்துகொள்வோம். "முடிச்சூரில் முதல் மாடியில் மூன்று பேர் மாட்டியிருக்கிறார்கள், ஒருவர் முதியவர், படகு அவசரம்" என்று 2015 டிசம்பர் 3 அன்று எழுதி, கீழே ஒரு கைபேசி எண்ணும் கொடுத்திருக்கிறார் ஒருவர். அது 2023 டிசம்பர் 3 அன்று அவருக்கு நினைவாக வருகிறது. "மறக்கவே முடியாது" என்று இரண்டு வார்த்தை சேர்த்துப் பகிர்கிறார். அன்று மிக்ஜாம் புயல் சென்னையை நெருங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் நகரம் மீண்டும் வெள்ளத்தில். மேலே புதிய தேதி இருக்கும். பழைய தேதி உள்ளே, இணைந்து வரும் பழைய பதிவின் தலையில் பொடி எழுத்தில் இருக்கும். பதற்றத்தில் படிப்பவர் அதைப் பார்ப்பாரா? ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் அந்தப் பொடி எழுத்தும் போய்விடும். எட்டு வருடத்துக்கு முன் மீட்கப்பட்டவர்களைத் தேடி ஒரு படகு கிளம்பினாலும் ஆச்சரியமில்லை.

"என்ன ஆயிற்று" என்பதைச் சேர்க்க மூன்று வழிகள் உண்டு. பழைய பதிவின் கீழே கருத்தாக எழுதலாம். அன்று பதில் போட்டவர்களுக்கு அறிவிப்பு போகும் என்பதால், உதவியவர்களுக்குச் சேதி சொல்ல இது நல்ல வழி. ஆனால் பதிவை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர் கருத்துகளைத் திறக்க மாட்டார். இரண்டாவது, நினைவைப் பகிரும்போது மேலே புதிதாக எழுதுவது. இதில் பழைய வார்த்தைகள் அப்படியே இருக்கும். மூன்றாவது, பதிவின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, பதிவையே திருத்துவது.

குடும்பச் செய்திகளுக்கு இரண்டாவது வழியே சரி என்பேன். வேலை கிடைத்தது என்று 2014இல் எழுதியதை, அந்த வேலையை விட்டுவிட்டேன் என்று இன்று திருத்தினால், கீழே வரிசையாக நிற்கும் "வாழ்த்துகள்" எல்லாம் கேலியாகிவிடும். பிறர் பதில் சொல்லிய வார்த்தையில் நாம் கைவைக்கக் கூடாது.

உதவிக் கோரிக்கை வேறு. அதைத் திருத்தத்தான் வேண்டும். பகிர் பொத்தானை அழுத்தி அன்று பகிர்ந்தவர்களின் பக்கங்களிலும் திருத்திய வடிவமே தெரியும். நகலெடுத்து ஒட்டியவர்களிடம் மட்டும் பழையதே இருக்கும், அதற்கு வழியில்லை. திருத்தத்தைப் பதிவின் தலையில் எழுத வேண்டும். நீண்ட பதிவின் கடைசி வரிகள் "மேலும் காண்க"வுக்குள் மறைந்துவிடும். "இது 2015 டிசம்பர் 3 அன்று எழுதியது. மூவரும் மறுநாளே மீட்கப்பட்டுவிட்டார்கள். இந்த எண்ணை அழைக்க வேண்டாம்." இவ்வளவு போதும். 'இன்று', 'நேற்று' என்று எழுதாமல் ஆண்டோடு தேதி போடுங்கள். அடுத்த டிசம்பரிலும் அது திரும்பி வருமே.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. திருத்திய பதிவுக்குத் திருத்த வரலாறு உண்டு. பதிவைப் பார்க்க முடிகிறவர் அதையும் திறந்து பழைய வடிவத்தைப் படிக்கலாம். எனவே கைபேசி எண்ணை அழித்துத் திருத்தினால் அது மறைந்துவிட்டதாக நம்ப வேண்டாம். அது வேறொருவருடைய எண்ணாக இருந்தால், உங்கள் அலட்சியத்துக்கு அவர் தொல்லைப்பட வேண்டியிருக்கும். உண்மையிலேயே மறைக்க, பதிவை யார் பார்க்கலாம் என்பதை 'நான் மட்டும்' என்று மாற்ற வேண்டும். இல்லையென்றால் பதிவையே நீக்க வேண்டும்.

சில பதிவுகளுக்கு எந்தச் சேர்க்கையும் வேண்டாம். இறந்துபோன ஒருவரைப் பற்றியவை அப்படிப்பட்டவை. மெமரீஸ் அமைப்புகளில் ஓர் ஆளையோ ஒரு தேதியையோ மறைத்துவைக்க இடமிருக்கிறது. பதிவு அழியாது, தேடி வந்து நிற்காது, அவ்வளவுதான்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் உங்கள் பழைய உதவிக் கோரிக்கைகளைத் தேடிப் பாருங்கள். facebook.com/memories அன்றைய தேதிக்குரியதையே காட்டும். மற்றவற்றுக்கு உங்கள் பக்கத்தில் 2015க்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். ரத்தம், படகு, காணாமல் போனவர் என்று கேட்டு எழுதிய எதற்காவது முடிவு எழுதப்படாமல் இருந்தால், இன்றே அதன் தலையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.