சொல்லுக்கொரு பார்வை

நீர்ப்பரப்பின் மேல் ஒரு பறவை பறந்துகொண்டிருக்கும் புகைப்படம். அதைப் பார்த்து ஒரு கணினி ஆங்கிலத்தில் எழுதிய வரி: ‘எ பேர்ட் ஃப்ளையிங் ஓவர் எ பாடி ஆஃப் வாட்டர்’. வரியில் வியக்க ஒன்றுமில்லை. பக்கத்திலேயே அதே புகைப்படத்தைச் சொல்லுக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்ப அச்சிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பகுதி மட்டும் வெளிறிப் பிரகாசித்தது. ‘பேர்ட்’ என்ற சொல்லுக்குப் பறவையின் மேல் வெளிச்சம். ‘வாட்டர்’ வரும்போது வெளிச்சம் பறவையை விட்டு நகர்ந்து சுற்றியுள்ள நீரில் பரவியிருந்தது. ஒவ்வொரு சொல்லையும் எழுதும் நேரத்தில் கணினி படத்தில் எங்கே பார்த்தது என்பதற்கான பதிவு அது.

2015-இல் பிரான்ஸின் லில் நகரில் நடந்த சர்வதேச இயந்திரக் கற்றல் மாநாட்டில் வெளியான கட்டுரை இது. எழுதியவர்கள் மான்ட்ரியல், டொரான்டோ பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள். கெல்வின் ஷூ முதல் ஆசிரியர், யோஷுவா பெஞ்சியோ கடைசிப் பெயர்.

இதற்குச் சில மாதங்களுக்கு முன்பே கூகுள் ஆய்வாளர்கள் படத்துக்கு வரி எழுதும் ஒரு முறையை வெளியிட்டிருந்தார்கள். அதில் படம் முழுவதும் ஒரே ஒரு எண்வரிசையாகச் சுருக்கப்பட்டு, வாக்கியம் எழுதும் பகுதிக்குத் தொடக்கத்தில் ஒரு முறை மட்டும் கொடுக்கப்படும். அதற்குப் பிறகு படம் கிடையாது. கல்யாண ஆல்பத்தை ஒரு தடவை புரட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து விவரிப்பதைப் போல. முக்கியமானது தங்கும், ஓரத்தில் நின்றவர் மறந்துபோவார். ஷூ குழுவினர் செய்த மாற்றம், ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஆல்பத்தை மறுபடி திறக்க அனுமதித்ததுதான்.

படத்தைப் படிக்கும் பகுதியை அவர்கள் புதிதாக உருவாக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் உருவான விஜிஜி என்ற கன்வல்யூஷன் நெட்வொர்க்கை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அது ஏற்கெனவே இமேஜ்நெட் தொகுப்பின் லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பொருள்களை இனம் பிரிக்கக் கற்றிருந்தது. 224 பிக்சல் அகலமும் அதே உயரமும் கொண்ட படம் உள்ளே போகிறது. சிறு சிறு வடிகட்டிகள் படத்தின் மேல் நகர்ந்து முதலில் விளிம்புகளையும், அடுத்தடுத்த அடுக்குகளில் இழைநயம், இறகு, சக்கரம், முகம் போன்ற பெரிய வடிவங்களையும் தேடுகின்றன. நடுவில் நான்கு இடங்களில் அகலமும் உயரமும் பாதியாகின்றன: 112, 56, 28, 14. மிஞ்சுவது 14-க்கு 14, அதாவது 196 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 512 எண்கள்.

விஜிஜி இதற்கு மேலும் போய், கட்டங்களையெல்லாம் கலைத்து ‘இது நாய்’ என்பதுபோல் ஒற்றைத் தீர்ப்புச் சொல்லும். அந்தத் தீர்ப்பு இங்கே தேவையில்லை. எது எங்கே இருக்கிறது என்ற தகவல் கட்டங்களில்தான் உயிரோடிருக்கிறது. ஆகவே அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள்.

இனி எழுதும் பகுதி. எல்எஸ்டிஎம் எனப்படும் இந்த நெட்வொர்க், இதுவரை எழுதியதன் சாரத்தை ஓர் எண்வரிசையாக நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக நகரும். ‘எ’ என்று எழுதியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சொல்லுக்கு முன், அதன் நினைவும் 196 கட்டங்களில் ஒவ்வொன்றின் எண்களும் ஒரு சிறிய துணை நெட்வொர்க்குக்குள் போகின்றன. இந்தக் கட்டம் இப்போது எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு மதிப்பெண் வெளியே வருகிறது.

கணக்கு எளிது. 196-க்குப் பதில் மூன்றே கட்டங்கள் என்று கொள்வோம். பறவை உள்ள கட்டத்துக்கு 3, நீருக்கு 1, வானத்துக்கு 0 என்று மதிப்பெண் வந்தது. ஒவ்வொன்றையும் அடுக்குக்குறியாக்கினால் ஏறத்தாழ 20.1, 2.7, 1. மொத்தம் 23.8. இதனால் வகுத்தால் 0.84, 0.11, 0.04. கவனத்தில் 84 சதவீதம் பறவைக்கு. பிறகு பறவைக் கட்டத்தின் 512 எண்களை 0.84-ஆலும், மற்றவற்றை அவற்றின் பங்காலும் பெருக்கிக் கூட்டினால், இந்த ஒரு சொல்லுக்காக மட்டும் தயாரான 512 எண்கள் கிடைக்கும். அதையும், முந்திய சொல்லையும், நினைவையும் சேர்த்துச் சொற்பட்டியலில் எது அடுத்து வரும் என்று நெட்வொர்க் கணிக்கிறது. பட்டியலில் இருந்தவை 10,000 சொற்கள். ‘பேர்ட்’ முந்துகிறது. அந்தச் சொல் நினைவை மாற்றுகிறது. மாறிய நினைவு அடுத்த பார்வையை மாற்றுகிறது.

பார்வையின் வரிசையை இப்படி மொழிதான் தீர்மானிக்கிறது. ‘நீரின் மேல் ஒரு பறவை பறக்கிறது’ என்ற பாணித் தமிழ் வரிகளைக் கொண்டு இதே அமைப்பைப் பயிற்றுவித்தால், அது முதலில் நீரைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

எங்கே பார்க்க வேண்டும் என்று இதற்கு யாரும் கற்றுத்தரவில்லை. பயிற்சிக்குக் கிடைத்தவை படமும், மனிதர்கள் எழுதிய வரிகளும் மட்டுமே. ‘பறவை இந்த மூலையில் இருக்கிறது’ என்ற குறிப்பு எதிலும் கிடையாது. சரியான சொல்லுக்குக் கிடைத்த நிகழ்தகவு குறைவாக இருந்தால், அந்தப் பிழை பின்னோக்கிப் பாய்ந்து மதிப்பெண் போடும் துணை நெட்வொர்க்கையும் திருத்துகிறது. பறவையைப் பார்த்தால் ‘பறவை’ என்று சொல்வது சுலபம் என்பதால் அங்கே பார்க்கப் பழகிக்கொள்கிறது.

பழக்கத்தில் ஒரு கோளாறும் உண்டு. பளிச்சென்ற ஓரிடத்திலேயே பார்வை தங்கிவிடும். அதைத் தடுக்க, ஒவ்வொரு கட்டமும் வாக்கியம் முழுவதிலும் பெற்ற கவனத்தின் கூட்டுத்தொகை 1-ஐ நெருங்காவிட்டால் தண்டனை என்று ஒரு விதியைப் பயிற்சியில் சேர்த்தார்கள். கூர்ந்து பார்த்தால் இந்த விதியை நிறைவேற்றவே முடியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் பகிரக் கிடைக்கும் மொத்தக் கவனம் 1. பத்துச் சொல் வாக்கியத்தில் 10. அதை 196 கட்டங்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு 0.05 தேறும். எட்டாத இலக்கு என்றாலும் அது இழுக்கும் திசை சரியானது: கவனத்தை ஓரளவு பரவலாக்குகிறது. வரிகளில் விவரம் கூடியதாக ஆசிரியர்களே குறிப்பிடுகிறார்கள்.

கவனத்தைப் பகிராமல், ஒரே கட்டத்தைக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் இன்னொரு வடிவத்தையும் அவர்கள் சோதித்தார்கள். மனித வரிகளோடு ஒப்பிட்டு அளக்கும் ப்ளூ என்ற அளவுகோலில் அது சற்றே மேல். ஆனால் பயிற்றுவிப்பது தொல்லை என்பதால் பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் பகிரும் வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்தது கட்டுரையில் உள்ள தவறுகளின் பக்கம். ஸ்கேட்போர்டில் ஒருவர் ‘தொப்பியும் தொப்பியும் அணிந்திருக்கிறார்’ என்று ஒரு வரி. ஒரு பெண் கையில் கடிகாரம் வைத்திருக்கிறாள் என்று இன்னொன்று. பழைய முறையில் வரி தவறினால் காரணம் தேட வழியே இல்லை. இங்கே தவறிய சொல்லின் வெளிச்ச வரைபடத்தை எடுத்துப் பார்க்கலாம். வட்டமான ஏதோ ஒன்றின் மேல் வெளிச்சம் குவிந்து ‘கடிகாரம்’ என்று வந்தால், பார்த்த இடம் சரி, இனம் கண்டது தவறு. வெளிச்சம் எங்கும் குவியாமல் மங்கலாகப் பரவியிருந்தால், படத்தைவிட மொழிப்பழக்கம் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் இந்த வரைபடத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு கட்டம் படத்தில் 16 பிக்சல் அகலத்துக்குச் சமம். எனினும் அந்தக் கட்டத்தின் எண்கள் அந்தச் சதுரத்திலிருந்து மட்டும் வந்தவை அல்ல. அடுக்கடுக்காக வடிகட்டிகள் அக்கம்பக்கத்தையும் சேர்த்துக்கொண்டே வந்ததால், படத்தின் பெரும்பகுதி அதில் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கிறது. வெளிச்சம் பறவையின் மேல் இருந்தாலும், சுற்றியுள்ள நீரைக் கண்டு ‘பறவை’ என்று ஊகித்திருக்கலாம். இதைப் பிரித்தறிய நேரான வழி, படத்தில் பறவையைச் சாம்பல் நிறத்தால் மறைத்துவிட்டு மறுபடி எழுதச் சொல்வது. சொல் அப்போதும் வந்தால் பறவையைப் பார்த்து எழுதவில்லை என்று பொருள்.

சில சொற்களுக்குப் படம் தேவையே இல்லை என்பதும் உண்மைதான். ‘பாடி’ வந்துவிட்டால் ‘ஆஃப்’ தானாக வரும். ஆனாலும் பகிர்வுக் கணக்கின்படி மொத்தம் 1 ஆக வேண்டும் என்பதால், அந்தச் சொல்லுக்கும் எங்காவது வெளிச்சம் விழுந்தே தீரும். மூலக் கட்டுரையில் படத்தின் பங்கைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வாயில் இருந்தது. 2017-இல் ஜியாசென் லூ குழுவினர் அதை இன்னும் தெளிவாக்கி, படத்தைப் பார்க்காமல் மொழி நினைவையே நம்புவதையும் ஒரு தேர்வாக வைத்தார்கள். 196 கட்டங்களோடு கூட ‘பார்க்க வேண்டாம்’ என்று இன்னொரு கட்டம் சேர்ந்தது போல.

மொழி நினைவு தேவையில்லாத இடத்திலும் நுழைவதுதான் தொல்லை. 2018-இல் லிசா ஆன் ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணை நெட்வொர்க் ‘ஆண்’ என்று எழுதியது. அந்தச் சொல்லுக்குப் படத்தில் ஆதாரமாக இருந்தது எது என்று ஆராய்ந்தால், ஆளைவிடக் கணினிதான். பயிற்சிப் படங்களில் அந்த ஜோடி அடிக்கடி வந்திருக்கிறது. ஆளை மறைத்த படங்களைக் காட்டி, அப்போது ஆண், பெண் இரண்டுக்கும் சம வாய்ப்புக் கொடுக்காவிட்டால் தண்டித்து, அவர்கள் இதைக் குறைத்தார்கள். அதே ஆண்டு ஆனா ரோர்பாக் குழுவினர், படத்தில் இல்லாத பொருள் எத்தனை முறை வரியில் வருகிறது என்று எண்ணும் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். வழக்கமான அளவுகோல்களில் மதிப்பெண் ஏறினால் இந்தக் கற்பனைப் பொருள்கள் குறைந்துவிடும் என்று சொல்ல முடியாது என்பது அவர்கள் கண்டது. மனித வரியோடு பெரும்பாலும் ஒத்துப்போகும் வாக்கியத்தில் இல்லாத மேசை ஒன்று நுழைந்தால் மதிப்பெண் அதிகம் குறையாது. அதைப் படிக்கச் சொல்லிக் கேட்கும் பார்வையற்றவருக்கோ அங்கே ஒரு மேசை வந்துவிடும்.

சமமான 196 சதுரங்கள் என்ற பிரிப்பும் அதே 2018-இல் மாறியது. பீட்டர் ஆண்டர்சன் குழுவினர், முதலில் ஒரு பொருள்கண்டறியும் நெட்வொர்க்கை ஓட்டி, நாய், பந்து, மரம் என்று பொருள்களைச் சுற்றிப் பெட்டிகள் வரைந்தார்கள். கவனம் அந்தப் பெட்டிகளுக்கிடையே பகிரப்பட்டது. பறவை நான்கு சதுரங்களில் துண்டுபடுவதில்லை. வரிகள் கண்கூடாக மேம்பட்டன. பெட்டியே விழாத பொருளுக்கு மட்டும் பார்வை போக வழியில்லை. பழைய சதுரக் கட்டத்திலோ, மோசமாகத் தெரிந்தாலும், படத்தின் எந்த மூலையும் விடுபட்டதில்லை.