பைத்தானுக்கு முன் ஒரு கூட்டல்

கணக்கர் வேலையிலிருந்து தரவுப் பகுப்பாய்வுக்கு மாற நினைக்கும் பலர் முதலில் பைத்தான் வகுப்பில் சேர்கிறார்கள். என் கருத்தில் அது பின்னால் வர வேண்டியது. எக்செலில் பிவட் டேபிள் கைவந்திருந்தால், அடுத்து எஸ்.க்யூ.எல். படியுங்கள். இரண்டு அட்டவணைகளை இணைக்கும் JOIN பாடம் முடிந்ததும் வகுப்பைச் சற்று நிறுத்தி, ஒரு சிறு புராஜெக்டைத் தொடங்குங்கள்.

பாடத்தில் கண்ணில் படாத பிழை அங்கேதான் படும். ஒரு கடையின் ஆர்டர் அட்டவணையில் 1,000 ரூபாய்க்கு ஓர் ஆர்டர் இருக்கிறது என்று வையுங்கள். வாடிக்கையாளர் அதை 400, 600 என இரு தவணைகளில் கட்டியதால், வரவு அட்டவணையில் இரண்டு வரிசைகள். இரண்டு அட்டவணைகளையும் இணைத்தால் அந்த ஆர்டர் இருமுறை வரும். ஆர்டர் தொகையைக் கூட்டினால் விற்பனை 2,000 என்று காட்டும். கணினி எந்த எச்சரிக்கையும் தராது. இணைப்பதற்கு முன்னும் பின்னும் COUNT(*) போட்டுப் பார்த்தால் 1 என்பது 2 ஆனது தெரிந்துவிடும். தவணைகளை முதலில் ஆர்டர்வாரியாகக் கூட்டிவிட்டு இணைத்தால் விடை சரியாகும்.

இந்தச் சோதனை பழகிய பிறகு பவர் பி.ஐ.யில் வரைபடம் போடுங்கள். பைத்தான் அதற்கும் பிறகு. அங்கே பாண்டாஸின் merge கட்டளையும் வரிசைகளை இப்படியே பெருக்கும். எங்கே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.