பல் பிடுங்கும் முன் ஏன் அந்தக் கடிதம்?

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் ஒருவர் பல் பிடுங்கப் போனால், பல் மருத்துவர் பெரும்பாலும் உடனே ஊசி போட மாட்டார். ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, மாத்திரை தரும் மருத்துவரிடம் பதில் வாங்கி வரச் சொல்வார். "ஒரு பல்லுக்கு இவ்வளவு அலைச்சலா?" என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. "எப்படியும் நிறுத்தத்தான் சொல்வார்கள்" என்று நினைத்துத் தாங்களாகவே நான்கைந்து நாள் மாத்திரையை விட்டுவிடுபவர்களும் உண்டு. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

எடுத்துக்காட்டாக, 63 வயதான ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். இருதயத்தில் உலோக வால்வு பொருத்தியிருக்கிறார்கள். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, பிடுங்க வேண்டிய நிலை. இவருக்காகப் பல் மருத்துவர் எழுதும் கடிதத்தில், "பல் பிடுங்கலாமா?" என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால் போதாது. பெரிய அறுவை என்று எண்ணிக்கொண்டு, "மாத்திரையை நிறுத்துங்கள்" என்று பதில் வந்துவிடக்கூடும்.

நல்ல கடிதம் முதலில் தன் பக்கத்து விவரத்தைச் சொல்லும்: ஒரே ஒரு பல், மரத்துப்போகும் ஊசி மட்டும், குழியில் ரத்தத்தை நிறுத்தும் பஞ்சு வைத்துத் தையல் போடப்படும், மாத்திரையை நிறுத்தாமலே செய்ய எண்ணம். அதன் பிறகு கேள்விகள் வரும். எந்த நோய்க்காக வார்ஃபரின்? ஐ.என்.ஆர். எந்த அளவில் இருக்க வேண்டும்? அண்மைக் காலத்தில் அது நிலையாக இருந்ததா? வேறு என்ன மருந்துகள் சாப்பிடுகிறார்? வாய்க் கிருமி ரத்தத்தில் கலந்து வால்வைத் தாக்காமலிருக்க முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா?

ஐ.என்.ஆர். என்பது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண். மருந்து சாப்பிடாதவருக்கு அது 1 அளவில் இருக்கும். நம் தொழிலாளிக்கு 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பல் பிடுங்குவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் எடுத்த சோதனை 2.9 என்று காட்டுகிறது. 4-க்குக் கீழே இருந்தால், மாத்திரையை நிறுத்தாமலே ஒன்றிரண்டு பற்களைப் பிடுங்கலாம் என்பது பல் மருத்துவத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதற்கு மேல் போனால் தேதியைத் தள்ளிவைப்பார்கள்.

ஏன் நிறுத்துவதில்லை? வார்ஃபரினை விட்டால் அதன் வேலை தணிய ஏறக்குறைய ஐந்து நாள் ஆகும். மீண்டும் தொடங்கினால் பழைய அளவுக்கு வர இன்னும் ஐந்து நாளோ அதற்கு மேலோ ஆகும். அந்த இடைவெளியில் வால்வில் ரத்தக்கட்டி உண்டாகி, மூளைக்குப் போனால் பக்கவாதம். வாயில் வரும் ரத்தத்தைக் கையால் அழுத்தி நிறுத்தலாம். மூளையில் அடைத்த கட்டியை அப்படி எடுக்க முடியாது.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். குறிப்பாக, அண்மையில் இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாக எதையும் விடக் கூடாது. அபிக்ஸபான், ரிவரோக்ஸபான், டாபிகாட்ரான் போன்ற புதிய மாத்திரைகளின் வேலை வார்ஃபரினைவிட விரைவில் தணிந்துவிடும். அதனால் சில சமயம் காலை வேளை மாத்திரையை மட்டும் தள்ளிப்போடச் சொல்வார்கள். அதையும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

பல் பிடுங்கிய பிறகும் கவனம் தேவை. வலிக்கு பாராசிட்டமால் போதும். பொன்ஸ்டான், ஐபுபுரோஃபென் ரத்தக்கசிவைக் கூட்டும். பல் தொற்றுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல், வார்ஃபரினோடு சேர்ந்தால் ஐ.என்.ஆரை உயர்த்திவிடும். ஆகவே புது மருந்து எதுவானாலும், "நான் வார்ஃபரின் சாப்பிடுகிறேன்" என்று முதலில் சொல்லுங்கள். அன்று வாய் கொப்பளிக்க வேண்டாம், சூடான கோப்பியும் வேண்டாம். எச்சிலில் லேசான சிவப்பு சாதாரணம். துணியை மடித்துக் கடித்து அரை மணி நேரம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால், விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்பாய்ண்ட்மென்ட் வாங்கும்போது வாரத் தொடக்கத்தில், காலை நேரமாகக் கேளுங்கள். பிறகு ரத்தம் கசிந்தால் கிளினிக் திறந்திருக்கும். வார்ஃபரின் புத்தகத்தையும் மருந்துப் பையையும் எடுத்துச் செல்லுங்கள். பதில் கடிதம் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருந்தால், கிளம்பும் முன் ஒன்றை மட்டும் கேட்டு உறுதிசெய்யுங்கள்: "என் மாத்திரையை நிறுத்தவா, தொடரவா?"