டேங்கர் வந்தது, பில் வரவில்லை

வெல்டிங் பட்டறைக்குத் திரவ ஆர்கான் கொண்டுவரும் டேங்கர், பெரும்பாலும் டெலிவரி சலானோடுதான் வரும். எவ்வளவு இறங்கியது என்று அளந்த பிறகே பில் போடுவார்கள். மார்ச் 30 அன்று 4,000 கிலோ இறங்கி, பில் ஏப்ரல் 6இல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

மார்ச் 31 இரவு இருப்பு எடுப்பவர் அந்த 4,000 கிலோவையும் எழுதிவிடுவார். ஆனால் கொள்முதலில் அது ஏறியிருக்காது. அப்படியே கணக்கை முடித்தால், கிலோ 40 ரூபாய் வீதம் 1,60,000 ரூபாய் இல்லாத லாபம் காட்டும். அதற்கு வரியும் கட்டுவோம்.

ஆகவே சலானில் உள்ள எடையை ஆர்டர் விலையால் பெருக்கி, கொள்முதலில் 1,60,000 பற்று, 'பில் வராத சரக்கு' என்ற தனிக் கணக்கில் வரவு என்று மார்ச் 31 தேதியில் எழுத வேண்டும். ஜிஎஸ்டியைச் சேர்க்க வேண்டாம். உள்ளீட்டு வரி பில் வந்தால்தான் கிடைக்கும்.

பில் வந்ததும் அந்தத் தனிக் கணக்கைப் பற்று வைத்து, சப்ளையரை வரவு வைக்க வேண்டும். ஜிஎஸ்டி அப்போது தனியே ஏறும். நான் அதிகம் பார்த்த தவறு இங்கேதான்: பழக்கத்தில் பில்லை மறுபடி கொள்முதலில் ஏற்றிவிடுவார்கள். செலவு இரட்டிக்கும். ஜூன் மாதத்திலும் தனிக் கணக்கில் அதே 1,60,000 அசையாமல் நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.